படத்தைப் பார்க்காமலே பாதி மதிப்பெண்

2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. கணினி மாடல்களிடம் புகைப்படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டு, ஒவ்வொன்றும் நூற்றுக்கு எவ்வளவு வாங்கியது என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். முதலிடத்தில் இருந்த மாடலின் மதிப்பெண் 57.75. அந்தக் காலத்துக்கு அது நல்ல மதிப்பெண்தான். ஆனால் அதே அட்டவணையில் சற்று மேலே 50.39 என்று இன்னொரு எண் இருக்கிறது. அதை வாங்கிய மாடலுக்கு ஒரு படம்கூடக் காட்டப்படவில்லை. கேள்வியை மட்டும் படித்துவிட்டு அது பதில் சொன்னது.

படம் பார்த்த மாடலுக்கும் பார்க்காத மாடலுக்கும் வித்தியாசம் ஏழே மதிப்பெண். அப்படியானால் 57.75 என்ற எண்ணில் எவ்வளவு கண்ணால் வந்தது, எவ்வளவு ஊகத்தால் வந்தது? படங்களைப் புரிந்துகொள்ளும் மாடல்களைச் சோதிப்பவர்கள் அதன் பிறகு பத்தாண்டுகளாக இந்தக் கேள்விக்குத்தான் விதவிதமாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தேர்வு தயாரான விதம்

அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தையும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவையும் சேர்ந்தவர்கள். தேவி பாரிக், துருவ் பத்ரா, ஐஸ்வர்யா அகர்வால் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்கள் உருவாக்கிய தேர்வின் பெயர் வி.கியூ.ஏ.; படம் பார்த்துக் கேள்விக்குப் பதில் சொல்வது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

அதற்கு முன்பு, ஒரு மாடலுக்குப் படம் புரிகிறதா என்று பார்க்க, படத்தைக் காட்டி ஒரு வரியில் விவரிக்கச் சொல்வது வழக்கம். அதில் ஒரு சிக்கல் உண்டு. ‘ஒருவர் தெருவில் நடந்து போகிறார்’ என்று மாடல் எழுதினால் அது தவறில்லை. ஆனால் அவர் குடை பிடித்திருக்கிறாரா, எத்தனை பேர் கூட இருக்கிறார்கள், மழை பெய்கிறதா என்பதையெல்லாம் மாடல் கவனித்ததா என்று அந்த வரியிலிருந்து தெரியாது. பொத்தாம்பொதுவாக எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டால் அப்படித் தப்பிக்க முடியாது. குறிப்பிட்ட ஒரு விவரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பதிலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு சொல்லில் முடிந்துவிடும் என்பதால் திருத்துவதும் எளிது.

படங்களுக்கு அவர்கள் மைக்ரோசாஃப்ட் ஏற்கெனவே தொகுத்து வைத்திருந்த கோகோ என்ற தொகுப்பை எடுத்துக்கொண்டார்கள். சமையலறை, தெரு, கடற்கரை, விளையாட்டுத் திடல் என்று அன்றாடக் காட்சிகள் அடங்கிய 2,04,721 புகைப்படங்கள். அமேசானின் மெக்கானிக்கல் டர்க் என்ற தளத்தில் சிறுசிறு வேலைகளைக் கூலிக்குச் செய்யும் ஆயிரக்கணக்கானோரிடம் இந்தப் படங்கள் போயின. கேள்வி எழுதுபவர்களுக்கு ஒரு சவால் வைக்கப்பட்டது: படங்களைப் பற்றி நிறையத் தெரிந்த புத்திசாலி ரோபோ ஒன்று இருக்கிறது, அதைத் திணறடிக்கும்படி ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு படத்துக்கு மூன்று கேள்விகள் என்ற கணக்கில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் சேர்ந்தன. பிறகு ஒவ்வொரு கேள்வியையும் படத்தோடு சேர்த்து வேறு பத்துப் பேரிடம் கொடுத்துப் பதில் வாங்கினார்கள்.

பத்துப் பேர் பதிலும் ஒரு மதிப்பெண்ணும்

பத்துப் பேர் எதற்கு? படத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பல நேரங்களில் ஒரே ஒரு சரியான விடை இருப்பதில்லை. ‘குழந்தை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் ‘கவுச்’ என்கிறார்கள், மூன்று பேர் ‘சோஃபா’ என்கிறார்கள், ஒருவர் ‘நாற்காலி’ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடல் ‘சோஃபா’ என்றால் அதைத் தவறு என்று எப்படிச் சொல்வது?

அதனால் வி.கியூ.ஏ. ஒரு எளிய விதியை வைத்தது. மாடலின் பதிலை மூன்று பேராவது சொல்லியிருந்தால் முழு மதிப்பெண். அதற்குக் குறைந்தால் எத்தனை பேரோ, அதை மூன்றால் வகுத்த பங்கு. நடைமுறையில் பத்துப் பேரில் ஒருவரை விட்டுவிட்டு மீதி ஒன்பது பேரோடு ஒப்பிடுவார்கள். இப்படிப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் வேறொருவரை விட்டுவிட்டுச் செய்து சராசரி எடுப்பார்கள்.

நம் எடுத்துக்காட்டில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாடலின் பதில் ‘சோஃபா’. ‘சோஃபா’ என்று சொன்ன மூவரில் ஒருவர் விடுபடும் மூன்று முறையும் மீதி இருப்பது இரண்டு பேர். அப்போது மூன்றில் இரண்டு பங்கு. மற்ற ஏழு முறையும் மூவரும் இருப்பார்கள், முழு மதிப்பெண். சராசரி 0.9. இதேபோல் ‘நாற்காலி’க்கு 0.3 கிடைக்கும், ‘கவுச்’சுக்கு 1 கிடைக்கும்.

இந்த முறையில் ஒரு குறை இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால், பத்துப் பேரில் யாரும் பயன்படுத்தாத சொல்லால் சரியான பதிலைச் சொன்னாலும் பூஜ்யம்தான். மனிதர்களே ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத கேள்விகளும் நிறைய. இதே விதிப்படி மனிதர்களை மதிப்பிட்டபோது அவர்கள் வாங்கியது 83.30. எனவே மாடல்களின் மதிப்பெண்ணை நூறோடு ஒப்பிட்டுப் பயனில்லை; எண்பத்து மூன்றோடு ஒப்பிட வேண்டும். மேலே எந்த எண் எல்லை என்பது இப்படித் தெரிந்துவிடுகிறது. கீழே எந்த எண்ணிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதுதான் கடினமான பகுதி.

கண்ணைக் கட்டிவிட்டு ஒரு தேர்வு

கீழ் எல்லையைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் செய்தது இதுதான்: மாடலின் கண்ணைக் கட்டிவிட்டு அதே தேர்வை எழுதச் சொன்னார்கள். பயிற்சியிலும் படம் கிடையாது, தேர்விலும் படம் கிடையாது. கேள்வியும் பதிலும் மட்டும். இதைக் கண்கட்டிச் சோதனை என்று அழைப்போம்.

முதலில் மாடலே வேண்டாம், எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று மட்டும் பதில் எழுதினால் என்ன கிடைக்கும்? 29.66. ‘எத்தனை?’ என்ற கேள்விக்குக்கூட ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டே போனால் இவ்வளவு கிடைக்கிறது. கேள்வியைப் படித்துவிட்டு ஊகிக்கும் எளிய மாடல் 48.76 வாங்கியது, அதையே இன்னும் ஆழமாகக் கட்டமைத்தபோது 50.39. இதற்கு நேரெதிராக, கேள்வியை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டிய மாடல் 28.13 வாங்கியது. எப்போதும் ‘ஆம்’ என்பதைவிடவும் அது குறைவு!

மனிதர்களுக்கும் கண்கட்டிச் சோதனை நடத்தினார்கள். படத்தைக் காட்டாமல் கேள்வியை மட்டும் கொடுத்து, பொது அறிவைக் கொண்டு ஊகிக்கச் சொன்னபோது அவர்கள் வாங்கியது 40.81. கண்கட்டிய மாடலைவிட இது ஏறக்குறைய பத்துப் புள்ளி குறைவு. உலகத்தைப் பற்றி அந்த மாடலுக்கு மனிதரைவிட அதிகம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அதற்கு அதிகம் தெரிந்தது வேறு ஒன்று: இந்த வினாத்தாளின் பழக்கவழக்கங்கள்.

இப்போது 57.75ஐ மறுபடி பார்க்கலாம். கண்கட்டிய மாடலின் 50.39இல் தொடங்கி மனிதரின் 83.30 வரை உள்ள தூரம் ஏறக்குறைய 33. அதில் சிறந்த மாடல் கடந்திருப்பது 7.36, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ‘பாதிக்கு மேல் தேறிவிட்டது’ என்று ஒருவர் படிக்கும் எண்ணை இன்னொருவர் ‘ஐந்தில் ஒரு பங்குதான் பார்க்கிறது’ என்று படிக்க முடியும். இரண்டாவது வாசிப்புதான் நேர்மையானது.

வினாத்தாளின் பழக்கவழக்கங்கள்

கேள்விகளில் அப்படி என்ன பழக்கம் ஒளிந்திருந்தது? இரண்டு ஆண்டுகள் கழித்து யாஷ் கோயல் முதலானோர் இதே குழுவினரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை அதை எண்களில் காட்டியது. ‘என்ன விளையாட்டு’ என்று தொடங்கும் கேள்விகளில் 41 சதவீதத்துக்கு விடை டென்னிஸ். ‘எத்தனை’ என்று தொடங்குபவற்றில் 39 சதவீதத்துக்கு விடை இரண்டு. ‘படத்தில் ஒரு … தெரிகிறதா?’ என்ற வகையில் 87 சதவீதத்துக்கு விடை ‘ஆம்’.

கடைசி எண்ணுக்குக் காரணம் மனித இயல்பு. கேள்வி எழுதியவர் கண்முன்னே படம் இருந்தது. மணிக்கூண்டு இருக்கும் படத்தைப் பார்ப்பவருக்குத்தான் ‘மணிக்கூண்டு இருக்கிறதா?’ என்று கேட்கத் தோன்றும். சமையலறைப் படத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. எனவே ஒரு பொருளைப் பற்றிக் கேள்வி வந்துவிட்டது என்பதே அந்தப் பொருள் படத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகிவிடுகிறது. கேள்விக்குள்ளேயே படத்தின் ஒரு துண்டு கசிந்துவிடுகிறது.

இந்தக் கசிவை நம்பி மாடல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை ஐஸ்வர்யா அகர்வால், பத்ரா, பாரிக் மூவரும் 2016இல் ஆராய்ந்தார்கள். கேள்வியை ஒரேயடியாகக் கொடுக்காமல் ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். பாதிக் கேள்வியைக் கேட்டவுடனேயே மாடல்கள் பெருமளவு கேள்விகளுக்குத் தம் பதிலை முடிவு செய்துவிட்டன. பிறகு ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு படத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். பல கேள்விகளுக்கு எந்தப் படத்தைக் காட்டினாலும் அதே பதில். படம் மாறியும் பதில் மாறவில்லை என்ற இந்தக் கவனிப்புதான் அடுத்த தேர்வுக்கு வித்தாக அமைந்தது.

ஒரே கேள்வி, இரண்டு படங்கள்

2017இல் வந்த வி.கியூ.ஏ.வின் இரண்டாம் பதிப்பு, பழைய கேள்விகளைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்ப்படம் ஒன்றைத் தேடியது.

வேலை இப்படி நடந்தது. பழைய படம், கேள்வி, அதன் விடை மூன்றையும் ஒருவரிடம் காட்டுவார்கள். அந்தப் படத்தைப் போலவே தோன்றும் 24 படங்களைக் கணினி பொறுக்கி எடுத்துக் கீழே வைத்திருக்கும். அவற்றில் அதே கேள்வி பொருந்த வேண்டும், ஆனால் விடை மாற வேண்டும். அப்படிப்பட்ட படத்தை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘குடை தலைகீழாக இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ஒரு படத்தில் ‘ஆம்’ என்று விடை இருந்தால், சாதாரணமாகக் குடை பிடித்திருக்கும் இன்னொரு படத்தை எடுக்க வேண்டும். ‘கட்டிலில் எத்தனை குழந்தைகள்?’ என்பதற்கு ஒரு படத்தில் இரண்டு என்றால், ஒரே குழந்தை இருக்கும் படம் வேண்டும். ‘கண்ணாடி அணிந்திருப்பது யார்?’ என்றால் ஒன்றில் ஆண், மற்றொன்றில் பெண்.

கேள்வி பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை முக்கியமானது. குடையே இல்லாத படத்தை வைத்தால் விடை மாறும்தான். ஆனால் அங்கே குடை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே போதும், அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. இப்படிக் கச்சிதமான எதிர்ப்படம் எல்லாக் கேள்விக்கும் அகப்படவில்லை. ஏறக்குறைய 22 சதவீதக் கேள்விகளுக்கு, 24 படங்களில் எதுவும் ஒத்துவராது என்று பணியாளர்கள் கைவிட்டார்கள்.

புதிய வினாத்தாள் பழைய மாடல்களை உடனே காட்டிக்கொடுத்தது. 2016இல் நடந்த வி.கியூ.ஏ. போட்டியில் வென்ற கலிஃபோர்னியாவின் பெர்க்லி குழுவினரின் மாடலை எடுத்துக்கொள்வோம். பழைய கேள்விகளில் பயின்று பழைய தேர்வை எழுதியபோது அது 60.36 வாங்கியது. அதே மாடல், அதே பயிற்சி. தேர்வு மட்டும் சமன்படுத்திய புதியது என்றபோது 54.22க்கு இறங்கியது. புதிய கேள்விகளில் பயிற்சியும் கொடுத்த பிறகு 59.14க்கு ஏறியது. ஊகம் பலிக்காத இடத்தில் பயின்றபோது, மாடல் படத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயத்துக்கு வந்தது என்று இதைப் படிக்கலாம்.

ஆனால் ஒரு நெருடல் மீதி இருந்தது. கேள்வியை மட்டும் படிக்கும் கண்கட்டிய மாடல் இந்தப் புதிய தேர்விலும் 44.26 வாங்கியது. இவ்வளவு பாடுபட்டும் ஏன் இது பூஜ்யத்தை நோக்கி இறங்கவில்லை?

ஜோடிக்கு ஒரே மதிப்பெண்

விடை கணக்கில் இருக்கிறது. ‘ஆம், இல்லை’ வகைக் கேள்விகள் மட்டும் கொண்ட 100 ஜோடிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜோடியிலும் கேள்வி ஒன்று, படங்கள் இரண்டு, விடைகள் ஒன்றுக்கொன்று எதிர். மொத்தம் 200 விடைகள் எழுத வேண்டும்.

கண்கட்டிய மாடலுக்கு இரண்டு முறையும் கிடைப்பது ஒரே கேள்வி. எனவே இரண்டு முறையும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும். அந்தப் பதில் இரண்டில் ஒரு படத்துக்குத் தவறாமல் பொருந்தும். ஆக 200இல் 100 சரி, மதிப்பெண் 50. எவ்வளவு கவனமாகச் சமன்படுத்தினாலும், தனித்தனியாகத் திருத்தும்வரை பாதி மதிப்பெண் அதற்குக் கிடைத்தே தீரும்.

இப்போது திருத்தும் விதியை மட்டும் மாற்றுவோம்: ஜோடியில் இரண்டு பதிலும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், ஒன்று தவறினாலும் பூஜ்யம். கண்கட்டிய மாடலின் மதிப்பெண் 50இலிருந்து நேராகப் பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். அதற்கு உலக அறிவு எவ்வளவு இருந்தாலும், வினாத்தாளின் பழக்கம் முழுதும் அத்துப்படியாக இருந்தாலும், ஒரு ஜோடியில்கூடத் தேற முடியாது. காசைச் சுண்டிப் பதில் சொல்பவருக்குச் சராசரியாக 25 கிடைக்கும்.

நடுத்தரமான மாடல் ஒன்றையும் பார்ப்போம். 40 ஜோடிகளில் அது படத்தை உண்மையிலேயே பார்த்து இரண்டு பதிலையும் சரியாகச் சொல்கிறது. மீதி 60 ஜோடிகளில் பழக்கத்தை நம்பி ஒரே பதிலைச் சொல்கிறது. பழைய முறையில் அதற்கு 80உம் 60உம் சேர்ந்து 200க்கு 140, அதாவது 70 சதவீதம். ஜோடி முறையில் 40. இரண்டு எண்களும் ஒரே மாடலின் ஒரே விடைத்தாளிலிருந்து வந்தவை. செய்தியில் 70 என்று வந்தால் பாராட்டுவோம், 40 என்று வந்தால் யோசிப்போம்.

தலைகீழாக்கிய வினாத்தாள்

பழக்கத்தை முறியடிக்க இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. அது போன கதி, தேர்வு தயாரிக்கும் எவருக்கும் எச்சரிக்கை.

2018இல் ஐஸ்வர்யா அகர்வாலும் உடன் பணியாற்றியவர்களும் வி.கியூ.ஏ. கேள்விகளைக் கலைத்து அடுக்கினார்கள். பயிற்சிப் பகுதியில் ஒரு வகைக் கேள்விக்கு எந்த விடை அதிகமாக வருகிறதோ, தேர்வுப் பகுதியில் அது அதிகமாக வராது. நாயின் நிறத்தைக் கேட்டால் பயிற்சியில் பெரும்பாலும் வெள்ளை என்றால், தேர்வில் பெரும்பாலும் கறுப்பு. பழக்கத்தை நம்பும் மாடலுக்கு இங்கே பழக்கமே எதிரி. அன்று பெயர்பெற்ற மாடல் ஒன்று இரண்டாம் பதிப்பில் 52.41 வாங்கியிருந்தது, கலைத்து அடுக்கியதில் 24.96தான் வாங்கியது.

உடனே பல குழுக்கள் இதற்குத் தீர்வு என்று புதிய பயிற்சி முறைகளை வெளியிட்டன. மதிப்பெண்கள் மளமளவென்று ஏறின. 2020இல் டேமியன் டெனேயும் சகாக்களும் அந்த முறைகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது. தேர்வுப் பகுதி பயிற்சிப் பகுதிக்குத் தலைகீழ் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்தோ தெரியாமலோ பல முறைகள் அந்தச் செய்தியைத்தான் பயன்படுத்தியிருந்தன. பயிற்சியில் அதிகம் வந்த விடையை ஒதுக்கிவிட்டு அடுத்ததைச் சொன்னால் போதும், மதிப்பெண் ஏறும். படத்தைக் கூடுதலாகப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. போதாததற்கு, மாடலைச் சரிக்கட்டுவதற்குத் தனியாகக் கேள்விகள் ஒதுக்கப்படாததால், பலர் தேர்வுக் கேள்விகளையே பார்த்துப் பார்த்து மாடலைத் திருத்தியிருந்தார்கள்.

ஜோடி முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தலைகீழாக்கிய தேர்வில் பழைய பழக்கத்துக்குப் பதிலாகப் புதிய பழக்கம் ஒன்று முளைத்தது. அதை ஊகிக்க முடிந்தது. ஜோடியில் எந்தப் பக்கமும் சாய்வு இல்லை. கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு ஊகிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

இணையத்தையே படித்த மாடல்கள்

2022இல் கூகுளின் பாலி என்ற மாடல் வி.கியூ.ஏ. இரண்டாம் பதிப்பில் 84.3 வாங்கியது. முதல் பதிப்பில் மனிதர்கள் பெற்ற 83.30ஐவிட இது அதிகம். தொகுப்பு வேறு என்றாலும், இந்தத் தேர்வில் இனி பெரிதாக ஏற இடமில்லை என்பது தெளிவானது. அதற்குப் பிறகு வந்த பெரிய மாடல்களுக்குக் கடினமான தேர்வுகள் தயாராயின. 2023இல் வந்த எம்.எம்.எம்.யூ. அவற்றில் ஒன்று: கல்லூரித் தரத்தில் 30 பாடங்களிலிருந்து எடுத்த சுமார் 11,500 கேள்விகள், பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. வரைபடம், எக்ஸ்ரே, மின்சுற்று, இசைக்குறிப்பு என்று பலவிதப் படங்கள்.

2024இல் சீன ஆய்வாளர்கள் சிலர் இந்தத் தேர்விலும் இதைப் போன்ற வேறு ஐந்து தேர்வுகளிலும் பழைய கண்கட்டிச் சோதனையை மறுபடி நடத்தினார்கள். கூகுளின் ஜெமினி புரோ மாடல் எம்.எம்.எம்.யூ.வில் ஒரு படமும் பார்க்காமல் 42.9 வாங்கியது.

இந்த முறை காரணங்கள் இரண்டு. முதலாவது, கேள்வியே போதுமானதாக இருப்பது. ஒரு வேதிப்பொருளின் பெயரைக் கேள்வியில் சொல்லிவிட்டு அதன் படத்தையும் போட்டு அதன் பண்பைக் கேட்டால், படம் வெறும் அலங்காரம். பாடம் படித்தவர் படம் இல்லாமலே சொல்லிவிடுவார். இரண்டாவது காரணம் இன்னும் தொந்தரவானது. இந்த மாடல்கள் இணையத்திலிருந்து அள்ளிய எழுத்திலும் படத்திலும் பயின்றவை. தேர்வுக் கேள்விகளும் இணையத்தில்தான் கிடக்கின்றன. படம் இல்லாமல் விடையே கண்டுபிடிக்க முடியாத கேள்விக்கும் ஒரு மாடல் படம் இல்லாமல் சரியான விடையைச் சொன்னால், அந்தக் கேள்வியை அது முன்பே பார்த்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு காரணங்களையும் எப்படிப் பிரிப்பது? அதற்கு அவர்கள் கண்ட வழி இரண்டு கழித்தல்கள். படம் பார்க்கும் பெரிய மாடல்கள் பலவும், எழுத்தை மட்டும் அறிந்த ஒரு மொழி மாடலின் மேல் கட்டப்பட்டவை. எனவே ஒரே தேர்வை மூன்று விதமாக நடத்தலாம்: படத்தோடு, படம் இல்லாமல், அடிப்படை மொழி மாடலைத் தனியாக வைத்து. கணக்குக்காக மூன்று மதிப்பெண்கள் 50, 40, 26 என்று வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 10. படம் பார்த்ததால் கிடைத்த பலன் அவ்வளவே. இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் 14. மொழி மாடலுக்குத் தெரியாத இந்த 14, படங்களோடு பயிற்சி கொடுத்த காலத்தில் உள்ளே வந்திருக்க வேண்டும். படமே காட்டாதபோதும் அது நிற்கிறது என்றால், கேள்விகள் கசிந்திருக்கின்றன என்பதற்கு அது வலுவான அறிகுறி. இந்த வழியில் பரிசோதித்தபோது, அடிப்படை மொழி மாடலைவிடப் படமில்லாமலே அதிகம் வாங்கிய மாடல்கள் உண்மையிலேயே இருந்தன. பிறகு அந்தக் குழு, மொழி மாடல்களால் ஊகிக்க முடிந்த கேள்விகளைக் கழித்துவிட்டு, மீந்தவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்து, 1,500 கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டது. எம்.எம்.ஸ்டார் என்பது அதன் பெயர்.

நாய் எந்தப் பக்கம் பார்க்கிறது?

அதே ஆண்டில் நியூயார்க், பெர்க்லி பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஜோடி முறையைக் கையிலெடுத்தார்கள். எதிர்ப்படம் தேடும் வேலையில் அவர்கள் ஒரு புதிய யுக்தி செய்தார்கள்.

அன்றைய மாடல்கள் பலவற்றின் கண்ணாக இருந்தது கிளிப் என்ற அமைப்பு. ஒரு படத்தை அது எண்களின் வரிசையாக மாற்றித் தரும். மொழி மாடல் பார்ப்பது அந்த எண்களைத்தான். இரண்டு படங்களின் எண்வரிசைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை ஒன்று வரையிலான அளவில் சொல்லலாம். படங்களை மட்டும் கொண்டு பயின்ற டைனோ என்ற இன்னோர் அமைப்பும் இருக்கிறது. கிளிப்பின் பார்வையில் ஒப்புமை 0.95க்கு மேல் இருக்க வேண்டும், டைனோவின் பார்வையில் 0.6க்குக் கீழே இருக்க வேண்டும்: அப்படிப்பட்ட பட ஜோடிகளைத் தேடினார்கள். அதாவது, உண்மையில் வேறு வேறான, ஆனால் கிளிப்புக்கு ஒன்றாகவே தெரிகிற படங்கள். அவற்றைக் கண்ணால் பார்த்து, வித்தியாசம் எங்கே என்று கண்டு, அதைப் பற்றியே கேள்வி எழுதினார்கள். நாய் இடப்பக்கம் பார்க்கிறதா, வலப்பக்கமா? பொருள்கள் எத்தனை? ஒன்று மற்றொன்றுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? மொத்தம் 150 ஜோடிகள், 300 கேள்விகள். இரண்டும் சரியென்றால்தான் மதிப்பெண்.

மனிதர்கள் வாங்கியது 95.7. ஊகித்தால் கிடைப்பது 25. அன்றைய ஜெமினி 40.7, ஜி.பி.டி.-4வி 38.7. இலவசமாகக் கிடைத்த மாடல்களில் பல ஊக எல்லையிலும் அதற்குக் கீழும் நின்றன. ஒரே பதிலை இரண்டு படத்துக்கும் சொன்னால் பூஜ்யம் என்பதால், இங்கே 25க்குக் கீழே போவதும் சாத்தியமே.

ஜெமினியின் 40.7ஐ முன்போலவே கணக்கிட்டால், 25இலிருந்து 95.7 வரை உள்ள தூரத்தில் அது கடந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 2015இன் மாடலுக்குக் கிடைத்த பங்கும் ஏறக்குறைய அதுவே என்பதால், ஒன்பது ஆண்டுகளில் எதுவுமே முன்னேறவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2015இன் தேர்வு அகப்பட்ட கேள்விகளால் ஆனது. இந்தத் தேர்வு, மாடல்கள் இடறும் இடங்களாகப் பார்த்து வேண்டுமென்றே பொறுக்கியது. ஒரு மாடல் மொத்தத்தில் எவ்வளவு பார்க்கிறது என்பதை இந்த 40.7 சொல்லாது. அது எங்கே பார்க்கவில்லை என்பதைச் சொல்லும்.

ஏன் பார்க்கவில்லை என்பதற்கும் ஒரு தடயம் கிடைத்துவிடுகிறது. கிளிப், படங்களையும் அவற்றுக்கு இணையத்தில் எழுதியிருந்த வரிகளையும் பொருத்திப் பயின்றது. நாய்ப் படத்துக்குக் கீழே ‘எங்கள் நாய், கடற்கரையில்’ என்று எழுதுவார்களே தவிர, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. வரியில் வராத விவரத்தைக் கண் பிடித்து வைத்துக்கொள்ளக் காரணமில்லை. கண் கொடுக்காத விவரத்தை, பின்னால் இருக்கும் மொழி மாடல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மீட்டெடுக்க முடியாது. அது ஊகிக்கத்தான் முடியும். எல்லாக் கேள்விகளையும் கூட்டிச் சராசரி போட்ட தேர்வுகளில் இந்தப் பலவீனம் தென்படாமல் கரைந்து போயிருந்தது.

ஒரு மதிப்பெண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஒரு ஜோடியில் மாடல் தேறினால் நமக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றே: இரண்டு படங்களுக்கும் உள்ள ஏதோ ஒரு வேறுபாடு அதன் பதிலை மாற்றியது. நாம் நினைத்த வேறுபாடுதான் மாற்றியதா என்பது தெரியாது. குடை தலைகீழாக இருக்கும் படம் வெயிலில் எடுத்ததாகவும், மற்றது மழையில் எடுத்ததாகவும் இருந்தால், மாடல் வெளிச்சத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கலாம். அதைக் கண்டறிய மூன்றாவது படம் வேண்டும்: மழையில் தலைகீழான குடை. இரண்டு படங்களும் எவ்வளவுக்கெவ்வளவு நெருங்கி இருக்கின்றனவோ, தப்பிக்கும் வழிகள் அவ்வளவுக்கவ்வளவு அடைபடும். முற்றிலும் அடைபட்டுவிட்டது என்று சொல்லும் நிலை வராது.

எனவே ‘இந்த மாடலுக்குப் படம் புரிகிறது’ என்று எந்தத் தேர்வும் சான்றிதழ் தர முடியாது. ‘கேள்வியை மட்டும் படித்து இந்த மதிப்பெண் வாங்க முடியாது’, ‘திசையைப் பார்க்காமல் இந்த ஜோடிகளில் தேற முடியாது’ என்று ஒவ்வொரு மாற்று விளக்கமாக நீக்கிக்கொண்டே போக முடியும். புதிய மாடல் ஒன்று படத் தேர்வில் 85 வாங்கியது என்று அடுத்த முறை செய்தி வந்தால், கூடவே மூன்று எண்களைத் தேடுங்கள்: படத்தை எடுத்துவிட்டால் அது எவ்வளவு வாங்குகிறது, மனிதர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள், ஜோடியாகத் திருத்தினால் எவ்வளவு மிஞ்சுகிறது. மூன்றையும் வெளியிடாத அறிக்கை ஏதும் இருந்தால், அந்த 85ஐ வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது.